காம்பவுண்டு சுவர் வேலை குறித்து

வணக்கம் சார்,

காம்பவுண்டு சுவரும் ஒப்பந்தத் தொகைக்குள் வரும் என்று நேற்று போனில் சொன்னீர்கள். பூமி பூஜையன்று எங்கள் சைட் இன்ஜினியர் “அதையும் முடிச்சுக் கொடுத்துடலாம் சார்” என்று சொன்னது உண்மைதான், அவரிடமே கேட்டுவிட்டேன். ஆனால் அது பேச்சோடு நின்றது. அதன் பிறகு மார்ச் 14 அன்று நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வேலைப் பட்டியலில் வீடு, சம்ப், செப்டிக் டேங்க் மட்டுமே இருக்கின்றன. கூடுதல் வேலை எதுவானாலும் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் சேரும் என்கிறது 9ஆம் பிரிவு. சதுர அடிக்கு 2,350 ரூபாய் என்பதும் அந்தப் பட்டியலுக்குப் போட்ட விலைதான்.

சுவர் வேண்டுமென்றால், 62 அடிக்குத் தனி எஸ்டிமேட் இணைத்திருக்கிறேன். சிமெண்ட், கம்பிக்குப் பழைய விலையே போட்டிருக்கிறேன். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பியதும் வானம் தோண்டுவோம். ரூஃப் கான்கிரீட் வெள்ளிக்கிழமை போடுவதில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்ததாரர்