அத்தைக்கு: ஜூமில் திரை கறுப்பாக வந்தால்

அத்தை, நேற்று ஜூமில் பழகிப் பார்த்தபோது நீங்கள் "ஒரே கறுப்பா இருக்குடி, போன் போச்சு போல" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்படிக் கேட்டதே நல்லதுதான். குரல் வந்தால் நெட் வேலை செய்கிறது, நீங்கள் ஜூம் காலுக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். போனைக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

இதையே மாமாவின் போனுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர் தன் போனைப் பார்த்து வாசிக்கட்டும், நீங்கள் உங்கள் போனில் செய்யுங்கள். ஒரே போனில் படித்துக்கொண்டே செய்தால் எல்லாம் குழம்பிவிடும். மாமா, தயவுசெய்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள், அத்தை முடித்த பிறகு அடுத்தது!

1. திரையின் நடுவில் விரலால் ஒரு தடவை மெல்லத் தொடுங்கள். சும்மா விட்டால் பொத்தான்கள் ஒளிந்துகொள்ளும், தொட்டால் திரும்ப வரும். அப்படியும் எதுவுமே வரவில்லை என்றால் போன் திரையே அணைந்திருக்கிறது. பக்கவாட்டுப் பொத்தானை ஒரு முறை லேசாக அழுத்துங்கள். இன்னொன்று, ஜூமில் பேசும்போது போனைக் காதில் வைக்காதீர்கள். காதருகே கொண்டுபோனால் திரை அணைந்துவிடலாம். சுவாமி படத்தைப் பார்ப்பது மாதிரி முகத்துக்கு நேரே நிறுத்தி வையுங்கள். சொம்பில் சாய்த்து வைத்தாலும் போதும்.

2. இப்போது அந்தக் கறுப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதுதான் முக்கியம். யாருடைய பெயராவது எழுதியிருந்தால் அவர்கள்தான் கேமராவைப் போடவில்லை. உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை, பேசாமல் காத்திருங்கள். நேற்று பெரியப்பா ரொம்ப நேரம் அப்படித்தான் இருந்தார்.

3. உங்கள் பெயரே இருந்தால் உங்கள் கேமரா போடவில்லை. கேமரா படத்தின் மேல் சிவப்புக் கோடு இருக்கும். அதன் கீழே Start Video என்றோ வெறும் Video என்றோ எழுதியிருக்கும். அதை ஒரு முறை தொடுங்கள். ஒரே ஒரு முறை! இரண்டு தடவை தொட்டால் திறந்து உடனே மூடிக்கொள்ளும்.

4. தொட்டதும் போன் அனுமதி கேட்டால் While using the app என்பதைத் தொடுங்கள். Don't allow என்பதைத் தொடவே தொடாதீர்கள். நேற்று அவசரத்தில் அதைத்தான் தொட்டிருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

5. அப்படித் தொட்டிருந்தால் போன் மறுபடி கேட்காமலே இருக்கலாம். அப்போது ஜூமை விட்டு வெளியே வாருங்கள். ஜூமின் நீலப் படத்தின் மேல் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் App info என்றோ ஒரு வட்டத்துக்குள் i என்றோ வரும். அதைத் தொட்டு, Permissions, அப்புறம் Camera, அதில் Allow only while using the app. பின்னாலேயே Microphone-க்கும் அப்படியே செய்துவிடுங்கள்.

6. பெயரும் இல்லை, சிவப்புக் கோடும் இல்லை, ஆனால் உங்கள் படம் மட்டும் கறுப்பு என்றால், போன் உறையின் மூடியோ உங்கள் விரலோ திரைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணை மறைக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கே ஆபீஸ் மீட்டிங்கில் நடந்திருக்கிறது. அதுவும் இல்லை என்றால் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். Camera access என்று ஒரு கட்டம் இருந்து அது நிறுத்தி வைத்திருந்தால், தொட்டுத் திறந்துவிடுங்கள்.

7. வாட்ஸாப்பில் வேறு யாரோடாவது வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் வைத்துவிடுங்கள். ஒரே கேமராவுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் ஒருவருக்குக் கறுப்புதான்.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் Leave தொட்டு வெளியே வந்து, போனை அணைத்துப் போட்டு, நான் அனுப்பிய நீல எழுத்தை மறுபடி தொடுங்கள். கும்பகோணம் வீட்டில் உள்ளறையை விடத் திண்ணையில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். ஆகவே நிச்சயதார்த்தத்தன்று அங்கேயே நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், முட்டி வலியோடு நடுவில் எழுந்து அலைய வேண்டாம்.

இன்னொரு விஷயம். நம்முடையது இலவசக் கணக்கு, 40 நிமிடத்தில் தானாக முடிந்துவிடும். அப்போதும் திரை மாறும், பயப்படாதீர்கள். மீட்டிங்கை மறுபடி தொடங்கிய பிறகு அதே நீல எழுத்தைத் தொட்டால் உள்ளே வந்துவிடலாம்.

நிச்சயதார்த்தம் ஞாயிறு காலை 10 மணிக்கு. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு தடவை பழகிப் பார்ப்போம். ஜூமில் வரும் முன்னால் நானே சாதாரண காலில் மாமாவைக் கூப்பிடுகிறேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு உங்கள் பக்கத்தில் வைக்கட்டும். உங்கள் முகம் தெரிந்த பிறகுதான் நான் போனை வைப்பேன். அந்தப் பச்சைப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டாயிற்றா?