ஓரத்தில் நிற்பவர்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அய்யா அனுப்பும் படங்களில் அய்யா இருக்க மாட்டார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பொங்கலன்று வாசலில் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்தோம். அத்தை வீட்டுப் பால்காய்ச்சுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அவர் நின்றார். எடுத்தவள் நான்தான், எனக்குத் தெரியாதா? வீட்டிலேயே நல்ல கேமரா உள்ள போன் அவருடையதுதான். அத்தை மகன் செல்வம் துபாயிலிருந்து வாங்கி வந்தது. அதனால் எந்த விசேஷம் என்றாலும் அந்தப் போனில்தான் எடுப்போம், சாயங்காலம் அய்யா உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குழுவில் போடுவார். அப்படி வரும் படங்களில் இடது ஓரம் அம்மாவின் சேலைத் தலைப்போடு முடிந்துபோயிருக்கும்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ரோட்டுப் பாலத்துக்குப் போனோம். புதுப் பாலத்தின் தூக்குகிற பகுதியும், பக்கத்தில் 1914இல் கட்டிய பழைய பாலமும் பின்னால் தெரிய நின்றோம். அய்யா அந்தப் பழைய பாலத்தில் ரயிலில் போய் வளர்ந்தவர். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி, காற்றில் துண்டு பறக்க, அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். இன்றைக்கு ஒரு நல்ல படம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி குழுவில் வந்த படத்தில் பாலம் இருந்தது, நாங்கள் இருந்தோம், பறந்த துண்டின் நுனி மட்டும் வெள்ளையாக ஓரத்தில் கிடந்தது. ஐந்து நிமிடத்தில் அந்தப் படத்தை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினார். அதில் துண்டின் நுனியும் இல்லை.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மேல என்ன வருத்தம் ஒங்களுக்கு? சொல்லிட்டு வெட்டுங்க," என்று வாய்ஸ் மெசேஜில் அழுதாள்.

"வருத்தமெல்லாம் இல்லத்தா. கெழட்டு மூஞ்சி அதுல எதுக்கு," என்று பதில் போட்டார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பொதுவாகவே அய்யாவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள்.

படத்தை வெட்டுவதற்கு அவருக்குச் சொல்லிக் கொடுத்தது செல்வம்தான். நண்டோ கணவாயோ நல்லதாகப் பட்டால் ராமநாதபுரத்து வியாபாரிக்குப் படம் அனுப்புவார்கள். சுற்றி நிற்கிறவர்களின் காலும் கூடையும் தெரியாமல் மீனை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். அய்யா ஒரே நாளில் பழகிக்கொண்டார். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் பின்னால் நின்று பார்த்தேன். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் நைலான் நூல் கட்டியிருந்தது. வலையின் ஒரு கண் அறுந்திருந்தாலும் இருட்டில் தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள் அவருக்கு. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். அந்த விரலால் படத்தின் மூலையைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளினார். அவருடைய முகம் போனது. மார்பு போனது. அப்புறம் நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கி, தன் சட்டை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். இன்னும் ஒரு இழை தள்ளினார். அம்மாவின் தோள் மேல் மட்டும் கோடு பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் படத்திலும் அய்யா யாரையும் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஓரத்தில் நிற்பார், பக்கத்து ஆளிடமிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பார். வெட்டுவதற்கு வசதியாகவே நின்றிருக்கிறார். ஒரே ஒரு தடவை அத்தையின் பேத்தியை மடியில் வைத்து நடுவில் உட்கார வைத்துவிட்டோம். அந்தப் படம் குழுவுக்கு வரவே இல்லை.

அய்யாவின் மகன், என் அப்பா, 2009 கார்த்திகையில் கடலுக்குப் போனவர். எனக்கு அப்போது நாலு வயது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளித்துக் கிடக்கும், தென்கடல்தான் கொஞ்சம் அடங்கியிருக்கும். அதை நம்பித்தான் தென்கடலில் வள்ளத்தை இறக்கினார். மூன்றாம் நாள் வள்ளம் கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை. எனக்கு அப்பா என்றால் நடுவீட்டில் மாட்டியிருக்கிற படம்தான். நீலப் பின்னணி, கட்டம் போட்ட சட்டை, முகத்தில் பாதிச் சிரிப்பு. இடது தோளில் மட்டும் வரிசையாக நாலு கறுப்புக் கோடுகள் இருக்கும். சட்டையின் டிசைன் என்றே இருபது வயது வரை நினைத்திருந்தேன்.

போன மாதம் கல்லூரியில் உதவித்தொகைக்காக அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அய்யாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். உடல் கிடைக்காதவர்களுக்கு ஏழு வருடம் ஆனால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த ஏழு வருடத்துக் காகிதங்களும் நைலான் நூலால் கட்டி அடுக்கியிருந்தன. அடியில் ஒரு பாலித்தீன் உறை. உள்ளே பாதிப் படம்.

அதில் அய்யா நின்றார். தலையில் கறுப்பு முடி. அவரது இடது கை பக்கத்தில் இருக்கிற யார் தோளுக்கோ உயர்ந்து, முழங்கைக்கு மேலேயே வெட்டுப்பட்டு நின்றது. அவருடைய வலது தோளில் வேறொருவரின் நாலு விரல்கள் இருந்தன. பின்னாலிருந்து சுற்றி வந்து பிடித்திருக்கிற விரல்கள். மோதிர விரலில் செம்பு வளையம்.

உறையை எடுத்துக்கொண்டு நடுவீட்டுக்கு வந்து அப்பாவின் படத்தைப் பார்த்தேன். தோளில் இருந்தது டிசைன் இல்லை. நாலாவது கோட்டுக்குப் பக்கத்தில் நகம்கூடத் தெரிந்தது. இத்தனை வருடம் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

அய்யா கொட்டகையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும் வலை ஊசியைக் கீழே வைத்தார்.

"ஸ்டேஷன்ல படம் கேட்டாக," என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. "அட்டை எல்லாத்தையும் டப்பாவுல போட்டு வள்ளத்துலயே கொண்டுபோயிட்டான் ஒங்கப்பன். கல்யாணப் படத்துல மாலைக்குள்ள பாதி மூஞ்சி தெரியல. இது ஒண்ணுதான் நேராப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. திருவிழாவுல எடுத்தது. ரெண்டு பேரும் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நின்டோம். தனியா இருக்கணும், கூட ஆள் இருக்கப்படாதுன்டாக. கத்திரிக்கோலும் அவுகளே குடுத்தாக."

"நீங்களே வெட்டினீங்களா?"

"வேற யாரு வெட்டுவா? எம்மூஞ்சிய வெட்டுறதுல ஒண்ணும் இல்லத்தா. ஆனா கத்திரி அவன் கை மேலதான் போகும். அத விட்டா வேற வழி இல்ல. பாத்துப் பாத்துத்தான் வெட்டுனேன்." கொஞ்ச நேரம் வலையின் கண்களை விரலால் நீவினார். "அன்னைக்கு மூணாம் நா. அதுவரைக்கும் வந்துருவான், எங்கயாச்சும் தீவுல ஒதுங்கியிருப்பான்னுதான் இருந்தேன். அத வெட்டுனதுக்கு அப்புறம் எனக்கே அந்த நெனப்பு வரல."

நான் எதுவும் பேசவில்லை. காற்று கொட்டகைக் கீற்றை அடித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு எப்ப என்ன ஆகும்னு தெரியாது. இனி ஒரு படத்துலேருந்து யாரையும் பிரிச்சு எடுக்கணும்னு வந்தா, எங்கை அதுல இருக்கப்படாது. அதான் நானே மொதல்ல ஒதுங்கிக்கிர்றேன்."

எனக்கு அவரைத் திட்டத் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ரெண்டும் செய்யவில்லை. அவருடைய போனை எடுத்தேன். வெட்டி அனுப்பிய படங்களை அவர் ஒன்றுகூட அழிக்கவில்லை. பாலத்துப் படத்தைத் திறந்து, பழையபடி ஆக்கும் பொத்தானைத் தொட்டேன். பறந்த துண்டு வந்தது. கைப்பிடிச் சுவரில் ஊன்றிய கை வந்தது. முகம் முழுக்கச் சிரிப்போடு அய்யா வந்து நின்றார்.

"போனுல வெட்டுனா போயிடாது அய்யா. உள்ள அப்படியேதான் இருக்கும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடுத்ததைக் காட்டச் சொன்னார். பொங்கல் படம் வந்தது. பால்காய்ச்சுப் படம் வந்தது. பத்துப் பதினைந்து படங்கள் பார்த்திருப்போம். அப்புறம் பாலித்தீன் உறையைக் காட்டிக் கேட்டார்:

"இது?"

நான் நடுவீட்டுப் படத்தைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த பாதி அவர்கள் கோப்பிலேயே போய்விட்டது. அதைக் கொடுக்கும் முன் ஸ்டூடியோவில் பிரதி எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டதுதான் வீட்டில் இருப்பது. அய்யாவின் கை சின்னதாக ஒரு பக்கம், அதே கையின் விரல்கள் மூன்று மடங்கு பெரிதாக இன்னொரு பக்கம். வெட்டுப்பட்ட அப்பாவின் கை இருந்த இடத்தில் ஸ்டூடியோக்காரர் நீலம் அடித்திருந்தார்.

"சேராதுத்தா. நானும் வச்சுப் பாத்துருக்கேன்," என்றார் அய்யா. படத்தைத் துண்டால் துடைத்து என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு வலைக்குள் குனிந்துவிட்டார்.

ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில், "அவுக கைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்று மட்டும் சொன்னாள்.

இந்த மாதம் அத்தை பேத்திக்கு நம்புநாயகி அம்மன் கோயிலில் காதுகுத்து. படம் எடுப்பதற்கென்று ராமேசுவரத்திலிருந்து ஒரு தம்பியைக் கூட்டி வந்திருந்தார்கள். மணலில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். அய்யா வழக்கம்போல ஓரத்துக்குப் போனார். அவருக்கு இடப்பக்கம் அடுத்த ஆள் அம்மா. இந்தத் தடவை இடைவெளி ஒரு சாண் இல்லை, ஒரு ஆள் நிற்கிற அளவு இருந்தது. அய்யா அந்தப் பக்கத்துக் கையைக் கொஞ்சம் தூக்கினார், எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி. அப்புறம் அப்படியே வைத்துக்கொண்டார்.

"தாத்தா, நடுவுல எடம் காலியாக் கெடக்கு. உள்ள தள்ளி நில்லுங்க," என்றார் அந்தத் தம்பி.

அய்யா நகரவில்லை.

"அக்கா, நீங்களாச்சும் அந்தப் பக்கம் தள்ளுங்க."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"எடம் சரியாத்தான் இருக்கு. நீங்க எடுங்க தம்பி," என்றாள்.