கிரைண்டர் விற்பனைக் குறிப்பைப் படித்துப் பார்த்தபின்

தம்பி,

நீ அனுப்பிய கிரைண்டர் குறிப்பை மூன்று முறை படித்தேன். நீ கொடுத்துவிட்டுப் போன சாம்பிளை ஒன்பது நாளாகச் சிங்கப்பூர் யீஷூன் வீட்டில் ஓட்டியும் பார்த்துவிட்டேன். கிரைண்டர் நன்றாக இருக்கிறது. குறிப்புதான் அதைக் கெடுக்கிறது. உன் கடைக்கு வந்து கல்லைத் தொட்டுப் பார்ப்பவர் நம்பி வாங்குவார். வீட்டில் கைபேசியில் பார்ப்பவருக்கோ உன் எழுத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. அதில் ஒரு வரி பொய்யாகத் தெரிந்தாலும் 189 வெள்ளியை அனுப்பத் தயங்குவார்.

முதலில் "2 லிட்டர் கொள்ளளவு" என்ற வரி. மேலோட்டமாகப் பார்த்தால் தப்பில்லை. டிரம்மின் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அளந்தேன், இரண்டு லிட்டர் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் இட்லிக்கு அரைப்பவர் கேட்பது வேறு: எத்தனை டம்ளர் அரிசி போடலாம், உளுந்து பொங்கி வெளியே வழியுமா? முதல் நாள் எனக்கே இது தெரியாமல் 300 கிராம் உளுந்தை ஊறவைத்துப் போட்டேன். இருபதாவது நிமிடத்தில் மாவு மேலே ஏறி மூடியின் ஓரத்தில் வழிய ஆரம்பித்தது. நிறுத்திவிட்டுப் பாதியைக் கரண்டியால் எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை 200 கிராம் போட்டேன், அரை மணி நேரத்தில் வெண்ணெய்போலத் திரண்டு வந்தது. அதே டிரம்மில் 800 கிராம் அரிசி 25 நிமிடத்தில் அரைந்தது. இரண்டும் சேர்த்து எங்கள் தட்டில் 54 இட்லி வந்தது. இந்த மூன்று எண்ணையும் அப்படியே எழுது. "நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாள் மாவு" என்றும் சேர்க்கலாம். லிட்டர் கணக்கைவிட இதுதான் வாங்குபவருக்கு விளங்கும்.

"ஓசையே இல்லாத மோட்டார்" என்று போட்டிருக்கிறாய். கல்லோடு கல் உரசும் பொருளுக்கு ஓசை இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். சமையலறைக் கதவை மூடினால் கூடத்தில் தொலைக்காட்சி பார்க்கத் தடையில்லை. கதவு திறந்திருந்தால் சத்தம் கேட்கிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தகவல்தான் தேவை. கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி எடு. பின்னணிப் பாட்டு போடாதே, கிரைண்டரின் சத்தம் மட்டும் கேட்கட்டும். பாட்டுப் போட்டால் எதையோ மறைக்கிறோம் என்றுதான் தோன்றும்.

"மிக்ஸியைவிட 70 சதவீதம் கூடுதல் சத்து" என்ற வரியை எடுத்துவிடு. எதை அளந்தது, யார் அளந்தது, எந்த மாவில்? நீயும் யாரோ எழுதியதிலிருந்து எடுத்ததாகத்தான் சொன்னாய். நாம் கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும். கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறுவதில்லை. அரை மணி நேரம் ஓட்டியபின் விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புக்கூட இல்லை. மிக்ஸியில் இதே உளுந்தை அரைத்தால் ஜாரே சுடும்.

"மின்சாரம் பெருமளவு மிச்சம்" என்பதும் அப்படித்தான். அடியில் உள்ள தகட்டில் 150 வாட் என்று இருக்கிறது. அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஒருமுறை உளுந்து அரைக்க இரண்டு காசுக்குச் சற்று மேல் ஆகும். இந்தக் கணக்கையே போடு, வாங்குபவர் தானே மிச்சத்தைப் புரிந்துகொள்வார்.

அப்புறம் "அசல் கோவை கிரைண்டர்". கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சும்மா ஓர் அடைமொழியாகப் போடக்கூடிய பெயர் இல்லை அது. நம் ஊரில் அம்மாமார்கள் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கைவைப்பார்கள். சாம்பிளின் தகட்டில் இந்தியத் தயாரிப்பு என்று மட்டும் இருக்கிறது, ஊர் பெயர் இல்லை. உன் கொள்முதல் பில்லில் தயாரிப்பாளரின் கோவை முகவரி இருந்தால் எழுது, பில்லை எனக்கும் காட்டு. இல்லையென்றால் "இந்தியத் தயாரிப்பு" போதும்.

விட்டுப்போனவற்றில் பெரியது பிளக். குறிப்பில் எங்கேயும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை, படத்திலும் வயர் பின்பக்கம் மறைந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் சாமான் என்றதும் இங்கே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வியே "உருண்டை முள் பிளக்கா?" என்பதுதான். சாம்பிளில் இங்குள்ள சதுரமான மூன்று முள், 13 ஆம்பியர் பிளக் இருக்கிறது, ஃபியூஸும் உள்ளே இருக்கிறது. இதைப் பெருமையாகவே சொல்லலாம், படமும் போடு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதையும் எழுது. இரண்டு நாட்டிலும் ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இங்கே சேஃப்டி மார்க் முத்திரை தேவைப்படும் பொருள்களில் பிளக்கும் ஒன்று. அந்த முத்திரை படத்தில் தெளிவாகத் தெரியட்டும். கிரைண்டருக்கான பதிவுத் தாள்களையும் வியாபாரியிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள். யாராவது கேட்டால் அன்றே அனுப்ப முடிய வேண்டும்.

எடை, அளவு இரண்டும் இல்லை. எங்கள் வீட்டுத் தராசில் 11.4 கிலோ. உயரம் மூடியோடு 31 சென்டிமீட்டர், அகலம் 28. எங்கள் அடுப்புமேடைக்கு மேலே உள்ள அலமாரியின் அடியில் நுழையவில்லை, இழுத்து வைத்துத்தான் மூடியைத் திறந்தேன். பெரியவர்கள் தனியாகத் தூக்க முடியாது என்பதையும் மறைக்காமல் எழுது. டிரம்மைக் கழற்றிக் கழுவலாம் என்பது நல்ல விஷயம், அது எங்கேயோ கடைசி வரியில் கிடக்கிறது. மேலே கொண்டுவா.

முதல் முறை கழுவுவது பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்துத் தண்ணீர் விட்டு ஓட்டியதும் சாம்பல் நிறத்தில் கலங்கியது. புதுக் கல் அப்படித்தான், எனக்குத் தெரியும். ஒரு கைப்பிடி அரிசி போட்டு இரண்டு முறை அரைத்துக் கொட்டினேன், மூன்றாவது முறை வெள்ளையாக வந்தது. இது தெரியாத புது மணப்பெண் ஒருத்தி அந்தத் தண்ணீரைப் பார்த்தால் "கல் கரைகிறது" என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

படம் வேறு பொருளுடையது. அதில் மூன்று குழவிக்கல் இருக்கிறது, சாம்பிளில் இரண்டுதான். தட்டில் உள்ள தோசையும் நம் கிரைண்டரில் அரைத்ததில்லை. சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா, சன்னல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளலாம்: மேலிருந்து ஒன்று, அடித்தகடு ஒன்று, பிளக் ஒன்று, மாவு அரைந்துகொண்டிருக்கும்போது ஒன்று.

விலையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "329 வெள்ளி" என்று கோடு போட்டு "189 வெள்ளி" என்கிறாய். 329க்கு நீ ஒரு நாளாவது விற்றாயா? இல்லை என்றால் இல்லாத தள்ளுபடியை இருப்பதாகக் காட்டுவது ஆகும், பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தில் அது நியாயமற்ற செயல். 189 தனியாக நிற்கட்டும், அந்த விலைக்கே இந்தப் பொருள் தகும். கீழே "ஜிஎஸ்டி தனி" என்றும் இருக்கிறது. நீ ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யவில்லை என்று போன மாதம் சொன்னாய். பதிவில்லாதவர் அதை வாங்கவே கூடாது. பதிவு செய்தவரானாலும் காட்டும் விலையில் அதைச் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். அந்த வரியை இன்றே எடுத்துவிடு, மற்றது நாளை பார்க்கலாம்.

"வாழ்நாள் உத்தரவாதம்" என்று எழுதி ஒரு நட்சத்திரக் குறி வைத்திருக்கிறாய், அந்த நட்சத்திரத்துக்குக் கீழே விளக்கமே இல்லை. போனில் நீ சொன்னது மோட்டாருக்கு 2 ஆண்டு, மற்றவற்றுக்கு 1 ஆண்டு. அதை அப்படியே போடு. பழுது பார்ப்பது எங்கே, கொண்டுவரும் செலவு யாருடையது, பெல்ட்டும் மாவை வழிக்கும் பட்டையும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, எல்லாம் வேண்டும்.

அதற்கு நேர் எதிராகக் கடைசியில் "விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது". 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே லெமன் சட்டம் இருக்கிறது. பொருள் கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். நீ எழுதிய வரியால் அந்த உரிமை போகாது. படிப்பவருக்கு உன்மேல் உள்ள நம்பிக்கைதான் போகும்.

"5,000 மகிழ்ச்சியான குடும்பங்கள்" வேண்டாம். நீ இதுவரை விற்றது 41. அந்த 41 பேரில் பத்துப் பேருக்குப் போன் செய்து அனுமதி கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே தேதியோடு போடு. யாராவது குறை சொன்னால் அதையும் போட்டு, கீழே நீ என்ன செய்தாய் என்று எழுது. இப்போது இருக்கும் ஆறு கருத்துகளில் மூன்றில் ஒரே வாக்கியம் வருகிறது, என் மகள்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். கடை முகவரி, யுஇஎன் எண், போன் எடுக்கும் நேரம் மூன்றும் பக்கத்தின் மேலேயே தெரிய வேண்டும். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நேரில் வந்து பார்க்கக்கூடிய கடை உனக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடலாமா?

தொடக்கப் பகுதியை நானே எழுதிப் பார்த்தேன். உன் நடைக்கு மாற்றிக்கொள்:

"இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர், இரண்டு குழவிக்கல். ஒருமுறைக்கு 200 கிராம் உளுந்து அல்லது 800 கிராம் அரிசி. உளுந்து சுமார் 30 நிமிடம், அரிசி சுமார் 25 நிமிடம். எங்கள் சோதனையில் இரண்டும் சேர்ந்து 54 இட்லி. 150 வாட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சிங்கப்பூர் மூன்று முள் பிளக். எடை 11.4 கிலோ, தூக்க ஒருவர் துணை வேண்டும். டிரம்மைக் கழற்றிக் கழுவலாம். விலை 189 வெள்ளி, இதற்கு மேல் வரி இல்லை. மோட்டாருக்கு 2 ஆண்டு, மற்ற பாகங்களுக்கு 1 ஆண்டு உத்தரவாதம். சரக்கு சிங்கப்பூரிலேயே உள்ளது. மூன்று வேலை நாளில் வீட்டு வாசலுக்கு வரும். கடையிலும் ஓட்டிப் பார்த்து வாங்கலாம்."

சரக்கு இங்கே இருப்பதும் மூன்று நாள் என்பதும் நீ போனில் சொன்னதுதான். ஆர்டர் கூடும் தீபாவளி நேரத்திலும் அது முடியுமா என்று உன் டெலிவரி ஆளிடம் கேட்டுவிட்டுப் போடு. முடியாதென்றால் அந்த மாதத்துக்கு ஒரு வாரம் என்றே எழுது.

சனிக்கிழமை வரும்போது கொள்முதல் பில்லையும் பதிவுத் தாள்களையும் எடுத்து வா. உளுந்து ஊறவைத்திருப்பேன்.

அக்கா