பிரிவு 9: கட்டுரைகளில் இயந்திர உரை

இது காரைக்குடியில் இயங்கும் எங்கள் எழுத்து நிறுவனத்துக்கும், கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்திப் பலகாரமும் விற்கும் உங்களுக்கும் இடையே 2026 ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்கான ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு. மாதம் எட்டுக் கட்டுரை, பன்னிரண்டு பொருள் விவரிப்பு, படத்தைப் பார்க்க இயலாதவருக்கு அதைச் சொற்களில் சொல்லும் மாற்று உரை ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும்.

9.1 இயந்திர உரை இருக்குமா: நேரடி விடை

விடுதி, ஊர், கோயில், உணவு பற்றிய கட்டுரைகளின் உடலில், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதும் இயந்திர உரை இருக்காது. பொருள் விவரிப்புகளில் முதல் வரைவு இயந்திரத்திலிருந்து வரலாம். அதை எங்கள் ஆசிரியர் திருத்தி, உங்கள் சமையற்கட்டில் கேட்டுச் சரிபார்த்த பிறகே தருவோம். மாற்று உரை பெரும்பாலும் இயந்திரம் எழுதியதாகவே இருக்கும். எது எந்த வகை என்பது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதப்பட்டிருக்கும்.

9.2 எது இயந்திர உரை, எது இல்லை

மொழி மாதிரியைக் கொண்டு இயங்கும் கருவி எழுதிய வாக்கியம், வாக்கியப் பகுதி, தலைப்பு, மொழிபெயர்ப்பு எல்லாம் இயந்திர உரை. பிறகு ஆசிரியர் எவ்வளவு திருத்தினாலும் அது ஆள் எழுதியதாக மாறிவிடாது. சண்டை வருவது பெரும்பாலும் இந்த வரையறையின் விளிம்பில்தான். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறோம்.

எழுத்துப்பிழை திருத்தி ஒற்று மிகும் இடத்தையோ ல, ள, ழ மயக்கத்தையோ சுட்டினால் அது கணக்கில் வராது. அதே கருவியில் வாக்கியத்தை மாற்றி எழுதித் தரும் பொத்தானை அழுத்தினால் வரும். ஆங்கில வரைவை இயந்திரத்தில் தமிழாக்கினாலும் வரும். பத்துத் தலைப்பு கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் அந்தத் தலைப்பு மட்டும் இயந்திர உரை. கட்டுரையின் வரிசையை மட்டும் இயந்திரத்திடம் கேட்டு, வாக்கியங்களை ஆள் எழுதினால் உரை ஆள் எழுதியதுதான்; ஆனாலும் கேட்டதைத் தலைக்குறிப்பில் சொல்வோம்.

பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கும் கருவி தனி இனம். பேசியவரின் சொற்கள் அவருடையவை என்பதால் அதை இயந்திர உரையாகக் கொள்வதில்லை. ஆனால் இந்தக் கருவிகள் இரண்டு இடங்களில் சறுக்கும். கும்மாயம், கந்தரப்பம், மனகோலம் போன்ற பலகாரப் பெயர்களை அவற்றுக்குப் பழக்கமான வேறு சொல்லாக்கிவிடும். யாரும் பேசாத இடைவெளியில், மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே, எவரும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சில கருவிகள் இட்டு நிரப்பும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அது படிக்கச் சரியாக இருக்கும். அதனால் மேற்கோள் குறிக்குள் வரும் ஒவ்வொரு வரியும் பதிவை மறுபடி கேட்டு ஒப்பிடப்படும். பதிவு இல்லாத மேற்கோள் கட்டுரையில் ஏறாது.

9.3 வகைகளும் கட்டணமும்

வகை அ: ஆள் எழுதியது. 1,000 சொல்லுக்கு 2,800 ரூபாய்.
வகை ஆ: இயந்திர முதல் வரைவு, ஆசிரியர் திருத்தம், உண்மைச் சரிபார்ப்பு. 1,000 சொல்லுக்கு 1,900 ரூபாய்.
வகை இ: இயந்திர உரை, ஒரே ஒரு வாசிப்பு. படத்துக்கு 12 ரூபாய். மாற்று உரைக்கு மட்டும். வேறு எதற்கும் தருவதில்லை.

அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே விலை இன்னும் இறங்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வரைவு எழுதும் நேரம் குறைகிறது. சரிபார்க்கும் நேரம் கூடுகிறது. தன் கைப்பட எழுதியவருக்கு எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியும். இயந்திர வரைவில் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டே தொடங்க வேண்டும்.

9.4 உங்கள் விடுதிக் கட்டுரைகள் ஏன் வகை அ

செட்டிநாடு பற்றி இணையத்தில் இருக்கும் எழுத்தில் பாதி, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. இயந்திரம் அதன் சாரத்தைத்தான் திருப்பித் தரும். நாங்கள் குறிப்பாகக் கண் வைக்கும் இடங்கள் இவை.

ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுட்டதாக எழுதிவிடும். அது சுடப்படுவதே இல்லை: கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை அழுத்தி, காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது. மேற்பரப்பின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. 'சூளை' என்ற ஒரு சொல் நுழைந்தால், ஆத்தங்குடிக்குப் போய்வந்த விருந்தினர் மீதிக் கட்டுரையையும் நம்ப மாட்டார்.

நகரத்தார் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பெயர் பெற்ற ஊர் என்பதற்காகக் குன்றக்குடி இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடக்கூடாது.

சமையல் அளவுகள் இன்னும் வம்பு. வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் நிற்கும் அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது வழக்கு. 'ஒரு கப்புக்கு ஒரு கப்' என்று இயந்திரம் சமப்படுத்திவிட்டால் உளுந்து கூடி மாவு எண்ணெய் குடிக்கும். கவுனி அரிசியை அரை மணி ஊறவைக்கச் சொல்லும் குறிப்பும் இப்படித்தான். இரவு முழுக்க ஊறாமல் அது சரியாக வேகாது. கல்பாசியைப் பூ என்றோ சாதாரணப் பாசி என்றோ எழுதினால் அதையும் திருத்துவோம். அது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன் இனம். செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே காரம் என்ற வரி, எவர் எழுதியிருந்தாலும், அடிபடும்.

உறவுச் சொற்களையும் பார்ப்போம். ஆச்சி என்று வரும் இடமெல்லாம் பாட்டி என்று விளக்கம் சேர்க்கக்கூடாது.

9.5 தலைக்குறிப்பு

ஒவ்வொரு கோப்பின் முதல் வரிகளிலும் கீழ்க்கண்டது போல் இருக்கும். இது வகை ஆ கோப்பு ஒன்றின் குறிப்பு:

"பொருள்: சீப்புச் சீடை, 250 கிராம் பொட்டலம். வகை: ஆ. இயந்திர உரை: 1, 2ஆம் பத்திகளின் முதல் வரைவு. ஆள் எழுதியது: தலைப்பு, 3ஆம் பத்தி, கெடாமல் இருக்கும் நாள். சரிபார்த்தது: பொருட்பட்டியல் உங்கள் பொட்டல ஒட்டியுடன், எடை உங்கள் விலைப்பட்டியலுடன்."

பொருட்பட்டியல், ஒவ்வாமைக் குறிப்பு, எடை, விலை, கெடும் நாள் ஆகிய ஐந்தையும் எந்த வகையிலும் இயந்திரத்திடம் கேட்பதில்லை. தேங்காய்ப்பால் சேர்ந்த பலகாரமும் சேராததும் ஒரே மாதிரி விவரிக்கப்பட்டால், அது நடைப்பிழையோடு நிற்காது.

விருந்தினர் மதிப்புரை, சான்றுரை, நட்சத்திரக் கருத்து எதையும் இயந்திரத்தில் எழுதித் தர மாட்டோம். நீங்கள் கேட்டாலும் இல்லை.

9.6 கருவிக்குள் எதைப் போட மாட்டோம்

விருந்தினர் பெயர், கைபேசி எண், முன்பதிவு விவரம் எந்தக் கருவிக்கும் போகாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் எங்கள் முறை. உங்கள் வீட்டு மசாலாப் பொடியின் அளவும் போகாது. உள்ளிடும் உரையைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாத அமைப்பில்தான் கணக்குகளை வைத்திருப்போம். எழுத்தாளர் தன் சொந்தக் கைபேசியில், சொந்தக் கணக்கில் உங்கள் கோப்பைத் திறந்து ஒட்டுவது தடை.

9.7 ஆதாரமும் சந்தேகமும்

வகை அ கட்டுரைகள் எல்லாம் கூகுள் டாக்ஸில் எழுதப்படும். அதன் பதிப்பு வரலாறு, குறிப்புகள், ஒலிப்பதிவு ஆகியவற்றை 18 மாதம் வைத்திருப்போம். கேட்டால் மூன்று வேலை நாளில் காட்டுவோம். பதிப்பு வரலாற்றில் வாக்கியம் வாக்கியமாக வளர்ந்ததும், 600 சொல் ஒரே நொடியில் வந்து விழுந்ததும் வேறு வேறாகத் தெரியும். ஒட்டுவதெல்லாம் குற்றம் ஆகாது. வேறு கோப்பில் எழுதி ஒட்டியிருந்தால் அந்தக் கோப்பின் வரலாற்றைக் காட்ட வேண்டும்.

இயந்திர உரையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளின் சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க இரு தரப்புக்கும் உரிமை இல்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியக் குறைவு காரணமாக 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அது இன்னும் தடுமாறும் என்பதை அவர்களே சொல்லியிருந்தார்கள். தமிழ்க் கட்டுரைக்கு அப்படி ஒரு எண்ணைக் கொண்டுவந்து கட்டணத்தை நிறுத்துவது செல்லாது. சந்தேகமான வரிகளைக் குறித்து அனுப்புங்கள். அந்த வரிகளுக்கான மூலத்தை எழுத்தாளரிடம் வாங்கித் தருகிறோம்.

சொல்லாமல் இயந்திர உரை சேர்ந்திருப்பது உறுதியானால்: அந்தக் கட்டுரையின் கட்டணம் முழுதும் திரும்பும், ஏழு நாளில் புதிதாக, கட்டணமின்றி எழுதித் தருவோம், அதே எழுத்தாளர் உங்களுக்காக முந்தைய 90 நாளில் எழுதிய அனைத்தையும் மறுபடி பார்த்து முடிவை எழுத்தில் தெரிவிப்போம். வெளியில் இருந்து எழுதித் தருபவர்களும் இதே நிபந்தனையில் கையெழுத்திட்டவர்களே. ஆகவே 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்ற பதில் வராது.

9.8 உரிமை

வகை அ உரையின் பதிப்புரிமை, பணம் செலுத்திய நாளில் முழுக் காலத்துக்கும் உலகம் முழுமைக்கும் உங்களுக்கு மாறும். இதை எழுதாமல் விட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்று சுருங்கிவிடும். கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று அதே சட்டத்தின் 2(d)(vi) சொல்கிறது. ஆ, இ வகைகளில் எங்களுக்கு உள்ள உரிமை எதுவோ அது உங்களுக்கு வரும். ஆனால் அதே போன்ற வாக்கியம் பக்கத்து விடுதியின் இணையப் பக்கத்தில் இருக்காது என்ற உறுதியை அந்த இரண்டுக்கும் தர முடியாது.

9.9 தேடலும் வாசகரும்

இயந்திரத்தில் எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் ஒரு பக்கத்தைத் தள்ளுவதில்லை. 2023 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டலின் நிலை அது. வாசகருக்குப் பயனில்லாமல், தேடல் வரிசைக்காகவே பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச் கொள்கை தடுக்கிறது, எழுதியது ஆளா இயந்திரமா என்று பாராமல். 'கானாடுகாத்தானில் தங்க', 'பள்ளத்தூரில் தங்க', 'கொத்தமங்கலத்தில் தங்க' என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் கேட்டால் மறுப்போம். வகை ஆ, இ உரைக்கு ஆள் பெயரிட்டு வெளியிடக்கூடாது.

9.10 உங்கள் தேர்வு

கட்டுரைகள் வகை அ. பொருள் விவரிப்பு வகை ஆ. மாற்று உரை வகை இ. மாற்ற நினைத்தால் மாதம் 25ஆம் தேதிக்குள் மின்னஞ்சலில் எழுதுங்கள். அடுத்த மாதத்திலிருந்து மாறும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. நாங்கள் கருவியையோ முறையையோ மாற்றினால் 15 நாள் முன்பே தெரிவிப்போம். அது பிடிக்காவிட்டால், அதுவரை தந்த கோப்புகளுக்கு மட்டும் கணக்கு முடித்து, அபராதமின்றி விலகலாம். வழக்கு என்று வந்தால் சிவகங்கை மாவட்ட நீதிமன்றங்கள்.