பர்மாவில் செட்டியார் வட்டிக்கடை – வகுப்புக் குறிப்பு

பாடம்: பொருளாதார வரலாறு, பி.ஏ. 2ஆம் ஆண்டு, காரைக்குடி
நாள்: 12.8.2025, செவ்வாய், 3ஆம் பீரியட்

| கேள்வி / குறிச்சொல் (ராத்திரி எழுதியது) | குறிப்பு (வகுப்பில் எழுதியது) |
|---|---|
| ஏன் பர்மா? ஏன் அப்போது? | 1852 போருக்குப் பின் கீழ் பர்மா வெள்ளைக்காரன் கையில். 1869 சூயஸ் கால்வாய் → ஐரோப்பாவுக்கு அரிசி. ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி வயல். விதைக்கும் மாட்டுக்கும் கடன் வேணும். பெரிய பேங்க் விவசாயியிடம் போகாது. |
| முதல் பணம் × மேல் பணம் | முதல் பணம் = முதலாளி சொந்தமாகப் போட்டது. மேல் பணம் = உறவுக்காரரும் மற்ற செட்டியார்களும் போட்ட வைப்பு. பரீட்சையில் வரும்னு சார் ரெண்டு தடவை சொன்னார் |
| கடையை நடத்தியது யார்? | முதலாளி ஊரில். அங்கே ஏஜெண்ட், பெரும்பாலும் 3 வருஷத் தவணை. கணக்கு ஊருக்கு வரும். கீழே பெட்டியடிப் பையன், தொழில் பழக. (அப்பத்தா சொல்லும் "கொண்டுவிக்கப் போனாக" இதுதான்!) |
| கடன் கூடாமலே கடன் கூடுவது எப்படி? | போர்டில் போட்ட கணக்கு, நிஜ விலை இல்லை. கடன் ரூ.400. 100 கூடை நெல் ரூ.200 என்றால் 200 கூடை விற்றால் தீரும். விலை ரூ.100 ஆனால் 400 கூடை. ரூபாயில் அதே கடன், நெல்லில் இரண்டு மடங்கு. வட்டி இன்னும் சேர்க்கவே இல்லை. 1930 மந்தத்தில் நடந்தது இதுதான். |
| 6 → 25: எதில்? | கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்கள். சாகுபடி நிலத்தில் செட்டியார் கையில் 1930இல் 6%, 1938இல் 25%. வாங்கியதில்லை, பெரும்பாலும் கடனுக்கு வந்தது. |
| நிலம் வந்தது லாபமா? | பின்பெஞ்ச்: "நிலம் கிடைச்சா நல்லதுதானே சார்?" சார்: விலை போகாத நிலத்தை யாரிடம் விற்பது? மேல் பணம் போட்டவன் ரொக்கம் கேட்பான். அங்கே உழுதவனுக்குக் கோபம். |
| 1937 / 1942 / 1948 | ஐ.ஓ.பி. வங்கி 10.2.1937: காரைக்குடி, சென்னை, ரங்கூன், ஒரே நாளில் திறப்பு. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள், செட்டியார்கள் ஊருக்கு ஓட்டம். நில தேசியமயச் சட்டம் 1948. (மணி அடிச்சிட்டு, இங்கே வேகமாப் போயிட்டார்) |

சுருக்கம்: வட்டிக்கடை ஓடியது ரொக்கம் சுழன்றதால். நெல் விலை சரிந்ததும் ரொக்கம் நிலமாக உறைந்தது. கப்பலில் ஏற்ற முடியாத சொத்து, ஊரில் திருப்பித் தர வேண்டிய மேல் பணம்: இரண்டுக்கும் நடுவில் மாட்டியது கடை. விவசாயிக்கு நிலம் போச்சு. 1948க்குப் பின் செட்டியாருக்கும்.

விட்டது: நடப்பு வட்டியை யார், எப்படி நிர்ணயித்தார்கள்? வியாழன் கேட்கணும். பெட்டகத்தில் இருக்கும் ஐயாவோட பேரேட்டில் "மே.ப." என்று இருப்பது மேல் பணமா, அப்பத்தாவிடம் கேட்கணும்.