வலி மக்கா வலி: நம்ம ஊர் வள்ளத்துக்கு ஒரு பாட்டு

தம்பிமாரே, திருவிழா வள்ளப் போட்டிக்கு நம்ம ஊர் சார்பில் தண்டு வலிக்கப் போகிற எட்டுப் பேருக்கும், பின்தலையில் சுக்கான் பிடித்து முன்பாட்டு எடுக்கப் போகிறவனுக்கும் இந்தப் பாட்டை எழுதியிருக்கிறேன். எஞ்சின் வந்த பிறகு இந்தக் கரையில் உவரி முதல் கூட்டப்புளி வரைக்கும் தண்டு வலித்துப் பாடுகிற சத்தம் குறைந்துபோனது, ஆனால் எட்டுப் பேர் முதுகு ஒரே நேரத்தில் சாய வேண்டுமென்றால் அதற்குப் பாட்டைவிட நல்ல வழி கிடையாது. விசில் ஊதினால் கை அசையும், மூச்சு சேராது. பாட்டு மூச்சையே சேர்த்து வைக்கும்.

"முன்" என்று போட்டிருப்பது சுக்கான் பிடிப்பவன் பாடுவது. "பின்" என்பது தண்டு வலிக்கிற எல்லாரும். தண்டு தண்ணீரை விட்டு எழும்பிப் போகிற நேரத்தில் முன்பாட்டு ஓடும், தண்டு தண்ணீரில் பதிந்து வலிக்கிற நேரத்தில் பின்பாட்டு விழும். "ஐலசா"வில் அந்த "ஐ" எங்கே வருகிறதோ அங்கே முதுகு சாயணும், அதற்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

முதலில் கரையிலிருந்து தள்ளுவது. இங்கே தண்டு இல்லை, தோள்தான்.

முன்: கடலுக்குக் கும்பிடு கையெடுத்து
பின்: ஏலேலோ ஐலசா
முன்: கரைமண் தொட்டுநீ கண்ணிலொத்து
பின்: ஏலேலோ ஐலசா
முன்: தோளுக்குத் தோளாச் சேர்ந்துநில்லு
பின்: ஏலேலோ ஐலசா
முன்: தூக்காதே மக்கா தள்ளித்தள்ளு
பின்: ஏலேலோ ஐலசா
முன்: அணியம் எறங்குது அலைபார்த்து
பின்: ஏலேலோ ஐலசா
முன்: ஆளெல்லாம் ஏறு நிலைபார்த்து
பின்: ஏலேலோ ஐலசா

அடுத்தது அலை கடத்துவது, இதில்தான் முன்பாட்டுக்காரனுக்குக் கண் வேண்டும். அலை கூட்டம் கூட்டமாக வரும், பெரிய அலைகள் வரிசையாக முறிந்த பிறகு கடல் கொஞ்சம் தணியும், அந்த இடைவெளியில்தான் பாய வேண்டும். பாட்டில் மூணு அலை என்று எழுதியிருக்கிறேனே தவிர கடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. நாலு வந்தால் நாலு, ஆறு வந்தால் ஆறு, தணிவதைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் இரண்டாம் வரியையே திருப்பித் திருப்பிப் பாடு. மற்றவர்கள் "பொறு" என்று சொல்லும்போது தண்டைத் தண்ணீரில் வைத்து வள்ளத்தை நேராக நிறுத்துங்கள், அலைக்கு விலா காட்டினால் கவிழ்த்துவிடும்.

முன்: ஒண்ணாம் அலையது ஓடிவருது
பின்: பொறு மக்கா பொறு
முன்: ரெண்டாம் அலையது ஏறிவருது
பின்: பொறு மக்கா பொறு
முன்: மூணாம் அலைவந்து முறிஞ்சிருச்சு
பின்: பொறு மக்கா பொறு
முன்: முன்னால கடலு குனிஞ்சிருச்சு
பின்: வலி மக்கா வலி
முன்: குனிஞ்ச கடலுக்குள் கோடுகிழி
பின்: வலி மக்கா வலி
முன்: கூப்பிட்ட குரலுக்குக் கூடவலி
பின்: வலி மக்கா வலி

அலை தாண்டிவிட்டால் போட்டி தொடங்குகிற இடம் வரைக்கும் மெதுவாகப் போகலாம். தண்டு வலிக்கிறவன் கரையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான், அதனால் இந்தப் பகுதியில் அவன் கண்ணில் படுவதையே வைத்திருக்கிறேன். கரையில் ஒரு அடையாளத்தையும் அதற்குப் பின்னால் தூரத்தில் இன்னொன்றையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துத்தானே நம்ம ஆட்கள் நடுக்கடலில் இடம் சொன்னார்கள், சின்னப் பையன்களுக்கு அது பாட்டோடு சேர்ந்து மனதில் ஏறட்டும்.

முன்: கோயில் கோபுரம் குறுகிப்போச்சு
பின்: ஏலேலோ ஏலேலோ
முன்: கூரையும் ஓடும் மறைஞ்சுபோச்சு
பின்: ஏலேலோ ஏலேலோ
முன்: தேரி மணல்மட்டும் செவந்துநிக்கு
பின்: ஏலேலோ ஏலேலோ
முன்: தெரியுற பனையெல்லாம் குனிஞ்சுநிக்கு
பின்: ஏலேலோ ஏலேலோ
முன்: மயேந்திர கிரிமலை நிமிந்துநிக்கு
பின்: ஏலேலோ ஏலேலோ
முன்: மலையையும் கோயிலையும் நேராப்பிடி
பின்: ஏலேலோ ஏலேலோ
முன்: பிடிச்ச கோட்டுலதான் வீடிருக்கு
பின்: ஏலேலோ ஏலேலோ

காற்றுப் பெயர்களைத் தனியாக எழுதினேன். நாலு திசைக்கும் நாலு பெயர், அவ்வளவுதான், ஆனால் செல்போனில் வானிலை பார்த்துப் பழகிய பையனுக்குக் கச்சான் எது கொண்டல் எது என்று கேட்டால் முழிக்கிறான், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

முன்: கெழக்கே எழும்பினா என்னகாத்து
பின்: கொண்டலு கொண்டலு ஐலசா
முன்: மேக்கே எழும்பினா என்னகாத்து
பின்: கச்சானு கச்சானு ஐலசா
முன்: வடக்கே எழும்பினா என்னகாத்து
பின்: வாடையே வாடையே ஐலசா
முன்: தெக்கே எழும்பினா என்னகாத்து
பின்: சோழகம் சோழகம் ஐலசா
முன்: நாலுகாத்துக்கும் ஒரேதண்டு
பின்: நம்மதண்டு நம்மதண்டு ஐலசா

தொடங்குகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், மற்ற வள்ளங்கள் வரிசைக்கு வருகிற வரை, தண்டைத் தண்ணீரில் கிடத்திவிட்டு அடுத்த நாலு வரியைப் பாடுங்கள். 2004 டிசம்பர் 26-இல் கரையில் இருந்தவர்களைச் சுனாமி எடுத்தது, 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் கடலில் இருந்தவர்களை எடுத்தது. குமரிப் பக்கம் போன உயிர்கள் அதிகம், அவர்களும் நமக்குச் சொந்தக்காரர்கள்தான், பெண் கொடுத்து எடுத்த ஊர்கள். இந்தப் பகுதியை யாரும் வேகமாகப் பாடக் கூடாது, கைதட்டவும் கூடாது.

முன்: கரையில நின்னவன கடலெடுத்துச்சு
பின்: ஓ… ஏலேலோ
முன்: கடலுல நின்னவன காத்தெடுத்துச்சு
பின்: ஓ… ஏலேலோ
முன்: போனவன் தண்டெல்லாம் எங்ககையில
பின்: ஓ… ஏலேலோ
முன்: எங்ககை ஓயாது இந்தக்கடலுல
பின்: ஓ… ஏலேலோ

சரி, இப்போது போட்டி. கொடி விழுந்ததும் நீளமான வரிகளை எல்லாம் விட்டுவிடு. முன்பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் தண்டு காற்றில் இருக்கும், வேகம் வேண்டுமென்றால் வரியைக் குறைக்கணும், குரலைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை. தொண்டை கிழியக் கத்தி வரியை மட்டும் நீளமாக வைத்திருந்தால் வள்ளம் அப்படியேதான் போகும்.

முன்: சாளை பாரு
பின்: ஐலசா
முன்: சீலா பாரு
பின்: ஐலசா
முன்: சூரை ஓடுது
பின்: ஐலசா
முன்: தொரத்திப் போடு
பின்: ஐலசா
முன்: பாறை பாயுது
பின்: ஐலசா
முன்: பாஞ்சு வலி
பின்: ஐலசா
முன்: வலி
பின்: ஐலசா
முன்: வலி
பின்: ஐலசா
முன்: இன்னும்
பின்: ஐலசா
முன்: இன்னும்
பின்: ஐலசா

மிதவையைச் சுற்றுகிற இடம். நீங்கள் பின்னோக்கி உட்கார்ந்திருக்கிறீர்கள், சுக்கான் பிடிப்பவன் முன்னோக்கி நிற்கிறான், இடது வலது என்று சொன்னால் அவனுக்கு ஒன்று உங்களுக்கு ஒன்றாகப் போய்விடும். அதனால் வள்ளத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் அடித்திருக்கிறோம், அந்த நிறத்தையே சொல்லிப் பாடுங்கள். மிதவை சிவப்புப் பக்கம் வரும். சிவப்புக்காரர்கள் தண்டைத் தண்ணீரில் ஊன்றித் தாங்குவார்கள், நீலக்காரர்கள் மட்டும் வலிப்பார்கள், வள்ளம் தானாகத் திரும்பும்.

முன்: செவப்பு செவப்பு
பின் (சிவப்பு): தாங்குறோம்
முன்: நீலம் நீலம்
பின் (நீலம்): ஐலசா
முன்: செவப்பு செவப்பு
பின் (சிவப்பு): தாங்குறோம்
முன்: நீலம் நீலம்
பின் (நீலம்): ஐலசா
முன்: திரும்பிருச்சு ரெண்டும்வலி
பின் (எல்லாரும்): ஐலசா ஐலசா

திரும்பி வரும்போது கை கடுக்கும், முதல் ஆளாக யாராவது ஒருத்தன் தண்டை அரைகுறையாகப் போட ஆரம்பிப்பான், அது பக்கத்து ஆளுக்கும் தொற்றும். அந்த நேரத்துக்குத்தான் வீட்டு வரிகள். இவை போட்டி வரியைவிடக் கொஞ்சம் நீளம், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன், நாலைந்து வலிப்புக்கு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் கரை நெருங்கியதும் வரி மறுபடி சுருங்கிவிடும்.

முன்: கரையில யாரு நிக்கா
பின்: வலி மக்கா வலி
முன்: கடவப்பெட்டிக் காரி நிக்கா
பின்: வலி மக்கா வலி
முன்: பெத்தவ நிக்கா பாட்டி நிக்கா
பின்: வலி மக்கா வலி
முன்: பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நிக்கா
பின்: வலி மக்கா வலி
முன்: கருப்பட்டிக் காப்பி காஞ்சிருக்கு
பின்: வலி மக்கா வலி
முன்: கட்டுச்சோறு அவுந்திருக்கு
பின்: வலி மக்கா வலி
முன்: கை கடுக்கா
பின்: கடுக்கல கடுக்கல
முன்: தோள் கடுக்கா
பின்: கடுக்கல கடுக்கல
முன்: பொய் சொல்றே
பின்: ஐலசா
முன்: போட்டு வலி
பின்: ஐலசா
முன்: கரை
பின்: ஐலசா
முன்: கரை
பின்: ஐலசா
முன்: ஏறு
பின்: ஐலசா
முன்: ஏறு
பின்: ஐலசா

"கடுக்கல" என்பதை எல்லாரும் ஒரே சத்தமாகச் சொல்லணும். கடுக்கத்தான் செய்யும், ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து இல்லை என்று சொல்லும்போது யாருமே தண்டை விட மாட்டார்கள், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மணலில் அணியம் தட்டியதும் ஜெயித்தாலும் தோற்றாலும் உடனே குதித்து ஓட வேண்டாம். பின்னால் வருகிற அலை வள்ளத்தைத் தூக்கிக் காலில் போட்டுவிடும். முன்பாட்டுக்காரன் கடைசி வரிகளையும் பாடி முடிக்கட்டும்.

முன்: முன்னாடி ரெண்டுபேர் கயிறுபிடி
பின்: பிடிச்சாச்சு பிடிச்சாச்சு
முன்: பின்னாடி அலைவருது பார்த்துஎறங்கு
பின்: எறங்கியாச்சு எறங்கியாச்சு
முன்: மேட்டுக்கு ஏத்து மெதுவாஏத்து
பின்: ஏலேலோ ஐலசா
முன்: தண்டெல்லாம் எண்ணித் தரையிலவை
பின்: எட்டும் சரி எட்டும் சரி