டயாலிசிஸ் தொடர் சிகிச்சைக்கு ஒரே முன் அனுமதி கோரும் கடிதம்

அனுப்புநர்: பாலிசிதாரரின் மகள், பாலிசியில் பதிவான தொடர்பாளர்
பெறுநர்: மருத்துவ அலுவலர், முன் அனுமதிப் பிரிவு
நகல்: மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு, சிறுநீரக மருத்துவர்
நாள்: 12 ஜூன் 2025

பொருள்: 2025 ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரையிலான எல்லா டயாலிசிஸ் அமர்வுகளுக்கும் சேர்த்து ஒரே முன் அனுமதி வழங்கக் கோருதல்

மதிப்பிற்குரிய மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா உங்கள் நிறுவனத்தின் பாலிசிதாரர். வயது 61. நீண்ட நாள் சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்து ஐந்தாம் நிலையில் இருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி என வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறு மணி ஷிஃப்டில், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது கையில் ஃபிஸ்டுலா வைத்து, அது நன்றாக வேலை செய்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை இந்தச் சிகிச்சைக்கு முடிவு தேதி என்று ஒன்று கிடையாது.

இப்போது ஒவ்வொரு அமர்வுக்கும் மருத்துவமனை தனியாக விண்ணப்பித்து, நீங்கள் தனியாக அனுமதி தருகிறீர்கள். இதற்குப் பதிலாக, ஜூலை 1 முதல் பாலிசி ஆண்டு முடியும் டிசம்பர் 31 வரை ஒரே அனுமதி எண்ணில் எல்லா அமர்வுகளையும் அனுமதிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளை நாள்காட்டியில் எண்ணினால் இந்தக் காலத்தில் 79 அமர்வுகள் வருகின்றன. உடலில் நீர் அதிகம் சேர்ந்து மருத்துவர் கூடுதலாக ஒரு நாள் வரச் சொல்வது அவ்வப்போது நடக்கிறது. அதற்காக 5 அமர்வுகள் சேர்த்து மொத்தம் 84 கேட்கிறேன். பயன்படுத்தாதவை டிசம்பர் 31உடன் தாமாகக் காலாவதியாகட்டும்.

இப்போதுள்ள முறையில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு அமர்வின் பில் முடிந்து பதிவான பிறகுதான் அடுத்த அமர்வுக்கான விண்ணப்பத்தை மருத்துவமனையால் அனுப்ப முடிகிறது. சனிக்கிழமை அமர்வு முடிந்து, பில் போட்டு, விண்ணப்பம் உங்களிடம் வரும்போது மதியம் ஆகிவிடுகிறது. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை அது வரிசையில் நிற்கிறது. ஏதாவது விளக்கம் கேட்டு நீங்கள் திருப்பி அனுப்பினால், பதில் எழுத வேண்டிய மருத்துவர் அப்போது வார்டில் சுற்றில் இருப்பார். செவ்வாய் காலை ஆறு மணிக்கு அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மெஷின் தயாராக இருக்கும், அனுமதி மட்டும் வந்திருக்காது. மருத்துவமனை ஊழியர்களையும் குறை சொல்ல முடியாது. அனுமதி இல்லாமல் தொடங்கினால் அந்த பில் நிராகரிக்கப்படும் என்பது அவர்கள் பயம்.

மற்ற நாள்களைவிடச் செவ்வாய்க்கிழமை தாமதமாவதுதான் ஆபத்து. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கு, சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி விழுகிறது. அந்த நாள்களில் நீரும் பொட்டாசியமும் உடலில் ஏறிக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பு தடம் மாறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் 32,065 டயாலிசிஸ் நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து, 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு விகிதம் ஆண்டுக்கு 100 பேருக்கு 22.1 என்றும், மற்ற நாள்களில் 18.0 என்றும் அதில் இருக்கிறது. அட்டவணைப்படி ஒழுங்காகச் சிகிச்சை நடக்கும்போதே இந்த வித்தியாசம். அதன்மேல் அலுவலகத் தாமதத்தால் இன்னொரு நாளையும் கூட்டுவதை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார்.

எங்களுக்கு அது நடந்தும்விட்டது. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அனுமதி வந்து சேர மதியம் தாண்டியது. காலை ஷிஃப்டில் அவர் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். இரவு ஷிஃப்டில் பாதி நேரத்துக்குத்தான் ஒரு மெஷின் கிடைத்தது. அடுத்த நாள் அதிகாலையில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். அவசரப் பிரிவுக்குப் போய், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் படுக்கை, ஆக்ஸிஜன், ஸ்கேன், அவசர டயாலிசிஸ் எல்லாவற்றுக்கும் உங்கள் நிறுவனம்தான் பணம் கட்டியது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். அந்த ஒரு சேர்க்கைக்கு ஆன தொகையை, தாமதமான அந்த ஒரு அமர்வின் தொகையோடு உங்கள் பதிவேட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் உங்களுக்குப் புதிதாகத் தெரியவருவது எதுவும் இல்லை. அதே நோய், அதே மருத்துவர், அதே மெஷின், அதே கட்டணம். படிவமே உள்நோயாளிகளை மனதில் வைத்துத் தயாரித்ததுபோலத் தெரிகிறது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பத்தரைக்கு வீடு திரும்பும் மனிதருக்கு, ‘டிஸ்சார்ஜ் ஆகும் உத்தேச நாள்’ என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. ‘முந்தைய சிகிச்சையில் குணமடைந்தாரா, இல்லையெனில் ஏன் மீண்டும் சிகிச்சை’ என்று ஒருமுறை விளக்கமும் கேட்டிருந்தார்கள். டயாலிசிஸ் சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதில்லை, அது செய்யவேண்டிய வேலையை வெளியிலிருந்து செய்கிறது என்று மருத்துவர் பொறுமையாக எழுதி அனுப்பினார். அடுத்த வாரம் அதே கேள்வி வேறொரு அலுவலரிடமிருந்து வந்தது.

மொத்தமாக அனுமதி கொடுத்துவிட்டால் தவறாகப் பயன்படுத்தப்படுமோ, நடக்காத அமர்வுக்கு பில் வருமோ என்ற கவலை உங்கள் பக்கத்தில் இருக்கும். அது நியாயமான கவலை. அதனால் இந்த அனுமதிக்கு நீங்கள் விதிக்கக்கூடிய நிபந்தனைகளை நாங்களே முன்வைக்கிறோம். இவற்றுக்கு மருத்துவமனையும் எழுத்தில் சம்மதித்திருக்கிறது.

ஒரு அமர்வுக்கான தொகை, உங்களுக்கும் மருத்துவமனைக்கும் ஏற்கெனவே உள்ள ஒப்பந்தக் கட்டணத்தைத் தாண்டாது. டயலைசர், ரத்தக் குழாய்த் தொகுதி, ஹெப்பாரின், நர்சிங் எல்லாம் அதில் அடக்கம். ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபொயட்டின், இரும்புச்சத்து ஊசிகளை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை தனி வரியாகக் காட்டுவார்கள். அவற்றையும் இதே அனுமதிக்குள் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அவை டயாலிசிஸ் நடக்கும்போதே போடப்படுபவை.

ஒவ்வொரு அமர்வுக்கும் மெஷினில் இணைத்த நேரம், எடுத்த நேரம், முன்பும் பின்பும் உடல் எடை, ரத்த அழுத்தம் ஆகியவை எழுதிய தாளில் அப்பாவோ நானோ கையெழுத்திடுவோம். மாதக் கடைசியில் அந்தத் தாள்களோடு ஒரே பில்லாக உங்களுக்கு வரும். கையெழுத்தில்லாத அமர்வுக்கு நீங்கள் பணம் தர வேண்டாம். மாதாமாதம் ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளும், யூரியா குறைவு விகிதமும் சேர்ந்து வரும். அந்த விகிதம் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் கேட்கும் கேள்விகளைவிட, சிகிச்சை சரியாக நடக்கிறதா என்பதை அது உங்களுக்கு நன்றாகச் சொல்லும்.

ஃபிஸ்டுலா அடைத்துப்போய்ச் சரிசெய்வது, கழுத்தில் குழாய் வைப்பது, ரத்தம் ஏற்றுவது, உள்நோயாளியாகச் சேர்ப்பது ஆகிய எதையும் இந்த அனுமதிக்குள் கேட்கவில்லை. அவற்றுக்கு வழக்கம்போலத் தனியாக விண்ணப்பிப்போம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டாலோ, மருத்துவமனையை மாற்றினாலோ, வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாறினாலோ, அன்றே இந்த அனுமதி முடிந்துவிட்டதாகக் கொள்ளலாம். காப்பீட்டுத் தொகையின் மீதம் தீர்ந்தாலும் அப்படியே. ஒவ்வொரு மாத பில்லுக்குப் பிறகும் மீதத் தொகை எவ்வளவு என்று ஒரு வரி எங்களுக்குத் தெரிவித்தால் போதும். அது தீரப்போகிறது என்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வோம்.

ஆறு மாதம் உங்கள் அதிகார வரம்பைத் தாண்டுகிறது என்றால், மாதத்துக்கு ஒரு அனுமதி என்ற முறையையும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அப்போது, அடுத்த மாத அனுமதி நடப்பு மாதம் 25ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்போது வாரத்துக்கு மூன்று முறை வரும் பதற்றம் மாதத்துக்கு ஒருமுறை வரும், அவ்வளவுதான் மாற்றம். இரண்டுமே முடியாது என்று முடிவெடுத்தால், பாலிசியின் எந்த விதியின் அடிப்படையில் என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் தாருங்கள். குறைதீர் அலுவலரிடம் அதை எடுத்துச் செல்வோம்.

ஜூலை முதல் அமர்வே செவ்வாய்க்கிழமைதான், 1ஆம் தேதி. அதனால் ஜூன் 24க்குள் உங்கள் பதில் கிடைத்தால், மருத்துவமனை தன் கணினியில் அனுமதி எண்ணைப் பதிவு செய்ய நேரம் இருக்கும். மருத்துவ விவரம் ஏதாவது தேவைப்பட்டால் டயாலிசிஸ் யூனிட்டின் பொறுப்பு மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தொலைபேசியில் கிடைப்பார். மற்றவற்றுக்கு, பாலிசியில் பதிவான என் எண்ணிலும் மின்னஞ்சலிலும் தொடர்புகொள்ளுங்கள். இந்தக் கடிதம் பரிசீலனையில் இருக்கும்வரை, ஜூன் மாத அமர்வுகளுக்கான தனித்தனி அனுமதிகளை நிறுத்திவைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகள்

என் சம்மதத்தோடு எழுதப்பட்டது:
பாலிசிதாரர் கையொப்பம்

இணைப்புகள்:
பாலிசி அட்டை, அடையாள அட்டை நகல்கள்
சிறுநீரக மருத்துவரின் சான்றும், ஆறு மாதச் சிகிச்சைத் திட்டமும்
மார்ச் முதல் மே வரையிலான ரத்தப் பரிசோதனை முடிவுகள்
மே மாத உள்நோயாளி டிஸ்சார்ஜ் சுருக்கம்
79 அமர்வுகளின் தேதிப் பட்டியல்
நிபந்தனைகளுக்கு மருத்துவமனை தந்த சம்மதக் கடிதம்